முதலிரவில் விறைப்பு இறங்கிப்போனால்: கலியாணம் முடிக்கப் போகும் மாப்பிள்ளைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

இதுவரை உடலுறவு கொள்ளாத மாப்பிள்ளைக்கு முதலிரவில் பலவிதப் பயங்கள் வரும். அவற்றில் மிகுதியானோரை வாட்டுவது ஒன்றுதான்: தனியாக இருக்கும்போது ஒழுங்காக விறைக்கும் ஆணுறுப்பு, மனைவியின் அருகில் போனதும் விறைக்காமல் போவது, அல்லது விறைத்து உள்ளே செல்லும் தறுவாயில் தளர்ந்துவிடுவது. இந்த வழிகாட்டி அந்த ஒரு சிக்கலைப் பற்றியது. அது ஏன் வருகிறது, வராமலிருக்கக் கலியாணத்துக்கு முன்னர் என்ன செய்யலாம், வந்துவிட்டால் அந்த நிமிடத்திலும் அடுத்த நாட்களிலும் என்ன செய்ய வேண்டும் என்பதை வரிசையாகச் சொல்கிறோம்.

உடலுக்குள் நடப்பது

மணவறையில் தாலி கட்டப் போகும் நேரம் கைவிரல்கள் சில்லிட்டுப் போவதைப் பலர் உணர்ந்திருப்பார்கள். பதற்றம் வந்ததும் அட்ரினலின், நோரட்ரினலின் ஆகியவை இரத்தத்தில் கூடுகின்றன. அவை தோலுக்கும் விரல்களுக்கும் போகும் சிறு நாடிகளைச் சுருக்கி, இதயத்துக்கும் தசைகளுக்கும் இரத்தத்தைத் திருப்பி விடுகின்றன. விரலைக் குளிரவைக்கும் அதே நரம்புத்தொகுதிதான் ஆணுறுப்புக்குள் இருக்கும் மென்தசையையும் சுருக்குகிறது.

விறைப்பு என்பது உண்மையில் ஒரு தளர்வு. ஆணுறுப்புக்குள் பஞ்சு போன்ற இழையம் இரண்டு குழல்களாக ஓடுகிறது. அதன் தசை தளரும்போதுதான் இரத்தம் உள்ளே நிறைந்து தங்கும். அந்தத் தளர்வைத் தருவது, உடல் அமைதியாக இருக்கும்போது வேலை செய்யும் நரம்புகள். பயம் வந்தால் மற்றத் தொகுதி மேலோங்கும், தசை இறுகும், நிறைந்த இரத்தம் வடிந்துவிடும். மூச்சை அடக்கி முக்கினாலோ மனதைக் கட்டாயப்படுத்தினாலோ பதற்றம்தான் கூடும். விறைப்பை முயற்சியால் வரவழைக்க முடியாது என்பதற்கு இதுதான் காரணம்.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. ஒருமுறை தளர்ந்துவிட்டால், அடுத்த முறை மனம் மனைவியிடம் இருக்காது. "இப்ப நிற்குதா, இறங்குதா" என்று தன் உறுப்பையே காவல் காக்கத் தொடங்கும். தொடுகையின் இன்பம் மூளைக்குப் போய்ச் சேராது, விறைப்பு இறங்கும். இறங்கியதைக் கண்டு பயம் இரட்டிப்பாகும். முதல் நாள் தளர்ந்ததற்குக் களைப்பு காரணமாக இருந்திருக்கலாம். மூன்றாம் நாள் தளர்வதற்கு முதல் நாளின் நினைவே போதும். இந்தச் சுற்றை உடைப்பதுதான் முழு வேலையும்.

கலியாணத்துக்கு மூன்று நான்கு வாரம் முன்னர்

முதலில் உடலில் குறை இல்லை என்பதை நீங்களே உறுதிப்படுத்துங்கள். ஆரோக்கியமான ஆணுக்கு உறக்கத்தில் ஓர் இரவுக்கு மூன்று முதல் ஐந்து தடவை விறைப்பு வந்து போகும். விடியப்புறம் எழும்பும்போது சில நாட்களாவது விறைப்பு இருக்கிறதா என்று ஒரு வாரம் கவனியுங்கள். அது நன்றாக இருந்தால் நாடி, நரம்பு, ஓமோன் மூன்றும் வேலை செய்கின்றன என்று பொருள். முதலிரவில் சிக்கல் வந்தால் அது பதற்றத்தால் வந்தது என்று நிம்மதியாகச் சொல்லலாம். காலை விறைப்பே சில மாதங்களாக இல்லை, தனியாக இருக்கும்போதும் வருவதில்லை என்றால் கலியாணத்துக்கு முன்னரே வைத்தியரிடம் போங்கள். நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், அதற்கு எடுக்கும் சில குளிசைகள், மனச்சோர்வுக்கு எடுக்கும் சில குளிசைகள் ஆகியவை விறைப்பைக் குறைக்கக்கூடும். நீரிழிவு உள்ள குடும்பத்தில் பிறந்த, முப்பதைத் தாண்டிய மாப்பிள்ளை வெறும் வயிற்றில் சீனி அளவைப் பார்த்துக்கொள்வது எப்படியும் நல்லது.

இரண்டாவது, முன்தோல். விறைத்த நிலையில் முன்தோலை மெதுவாகப் பின்னால் இழுத்தால் நோவில்லாமல் முழுதாகப் பின்வாங்க வேண்டும். இறுக்கமாக இருந்தால் உடலுறவின்போது நோவும், கீழ்ப்புறத்து நரம்பு போன்ற மடிப்பு கிழியவும் கூடும். நோவு வந்தால் விறைப்பு நிலைக்காது. பலாத்காரமாக இழுக்க வேண்டாம். வைத்தியர் தரும் களிம்பைச் சில வாரம் பூசினாலே பலருக்கு இளகிவிடும், அதனால்தான் நேரம் இருக்கும்போதே பார்க்கச் சொல்கிறோம். பின்னால் இழுத்த தோலை மறக்காமல் முன்னே கொண்டுவந்து விடுங்கள். பின்னாலேயே இறுகி வீங்கினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மூன்றாவது, கைப்பழக்கம். "விந்து விட்டான் நொந்து கெட்டான்" என்ற பழமொழியைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள், சிறுவயதுக் கைப்பழக்கத்தால் தங்கள் உறுப்பு கெட்டுவிட்டது என்ற பயத்தோடுதான் மணவறைக்கு வருகிறார்கள். விந்து போய்விடுகிறது என்ற இந்தக் கவலை தெற்காசிய ஆண்களிடம் தனியாகக் காணப்படுவதை 1960இல் இந்திய மனநல வைத்தியர் என். என். விக் விவரித்துப் பெயரிட்டார். விந்து வெளியேறுவதால் நரம்பு தளராது, பலம் போகாது, உறுப்பு சிறுக்காது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மிக இறுக்கமாகப் பிடித்து, வேகமாக, படம் பார்த்தபடியே செய்து பழகியவருக்கு மனைவியின் உடல் தரும் மென்மையான உராய்வு முதலில் போதாததுபோல இருக்கும். அப்படிப் பழகியவர் கடைசி மூன்று நான்கு வாரம் படம் பார்ப்பதை நிறுத்தி, பிடியைத் தளர்த்தி, சிறிது எண்ணெய் தடவி மெதுவாகச் செய்து பழகலாம். இடையில் வேண்டுமென்றே நிறுத்தி, விறைப்பை முழுதாக இறங்கவிட்டு, மறுபடி எழுப்பிப் பாருங்கள். இறங்கிய விறைப்பு திரும்பி வரும் என்பதை உடல் அனுபவமாகவே அறிவது பின்னர் மிகவும் உதவும்.

உடனே பிள்ளை வேண்டாம் என்று இருவரும் எண்ணியிருந்தால் ஆணுறையையும் இப்போதே தனியாகப் போட்டுப் பழகுங்கள். முதலிரவில் இருட்டில் உறையைக் கிழித்து, எந்தப் பக்கம் உருளும் என்று தேடும் அரை நிமிடத்தில்தான் பலருக்கு விறைப்பு இறங்குகிறது. உறையில் உள்ள திகதியைப் பாருங்கள். பல்லால் கிழிக்க வேண்டாம். நுனியை இரு விரலால் நசுக்கிக் காற்றை எடுத்துவிட்டு அடிவரை உருட்டுங்கள். மறுபக்கமாக வைத்துவிட்டால் திருப்பிப் போடாமல் எறிந்துவிட்டுப் புதியதை எடுங்கள். ஆணுறை பாவிப்பவர் தேங்காயெண்ணெயோ வசிலினோ பூசக் கூடாது, அவை உறையின் இறப்பரைக் கெடுத்துக் கிழிய வைக்கும். பாமசியில் நீரில் கரையும் ஜெலி என்று கேட்டு ஒரு குழாய் வாங்கி வையுங்கள். ஆணுறை பாவிக்காவிட்டாலும் அது தேவைப்படும்.

கடைசியாக, பொம்பிளையோடு கதையுங்கள். பேச்சு முடிந்து நாள் வைத்த பிறகு இருவரும் தொலைபேசியில் கதைப்பது இப்போது வழக்கம்தானே. இதை விரிவாகப் பேச வேண்டியதில்லை. "கலியாணத்தன்று ரெண்டு பேரும் நல்லாக் களைச்சுப் போயிருப்பம். அண்டைக்கு ஒண்டுக்கும் அவசரப்பட வேண்டாம், என்ன?" என்ற அளவே போதும். அவளுக்கும் அதே பயம் இருக்கும், அந்த ஒரு வசனத்தில் இருவருக்கும் பாரம் குறையும்.

கலியாண நாள்

யாழ்ப்பாணத்துக் கலியாணம் மாப்பிள்ளையின் உடலை எப்படிக் களைக்க வைக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். முதல் நாள் இரவு வீட்டில் ஆட்கள், பலகாரச் சூடு, சரியான உறக்கம் இல்லை. விடியற்காலை எழும்பித் தோய்ந்து, முகூர்த்தம் முடியும்வரை விரதம். ஓமப் புகையில் பட்டு வேட்டியும் தலைப்பாகையுமாகச் சில மணி நேரம். பிறகு படப்பிடிப்பு, வரவேற்பு, நூற்றுக்கணக்கானோருக்குக் கைகூப்பி நிற்றல். இரவு பொம்பிளை வீட்டில், புது அறையில், விறாந்தை முழுக்கச் சொந்தக்காரர் பாய் விரித்துப் படுத்திருக்க, கதவைச் சாத்த வேண்டும். இந்த நிலையில் எந்த ஆணின் உடலும் உறக்கத்தைத்தான் கேட்கும். விறைப்பு வராமல் போவது அங்கே நோயல்ல.

எனவே சில சிறிய ஒழுங்குகள். விரதம் முடிந்ததும் அளவாகச் சாப்பிடுங்கள், நிறையத் தண்ணீர் குடியுங்கள். இரவு வயிறு முட்டச் சாப்பிட வேண்டாம். நண்பர்கள் "பயம் தெளிய" என்று ஊற்றித் தரும் சாராயத்தை மறுத்துவிடுங்கள். மது மனக்கூச்சத்தைச் சற்றுக் குறைக்கும், ஆனால் கூடினால் விறைப்பைத் தரும் நரம்புகளையே மந்தப்படுத்தும். வாய் மணமும் மனைவிக்கு வேறு பயத்தைத் தரும். அறையில் தாழ்ப்பாள் ஒழுங்காகப் போடுகிறதா என்று உங்கள் பக்கத்துத் தோழனைக் கொண்டு முன்பே பார்ப்பியுங்கள். யாரும் கதவைத் தட்டலாம் என்ற எண்ணம் ஒன்றே விறைப்பைக் குலைக்கப் போதும். ஃபானை வேகமாக விட்டால் அதன் சத்தம் உங்கள் பேச்சை வெளியே கேட்காமல் மறைக்கும். ஒரு சிறிய துவாய், தண்ணீர்ப் போத்தல், ஜெலி ஆகியவை கட்டிலுக்குக் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

அந்த இரவும் அதற்கடுத்த இரவுகளும்

எங்கள் அறிவுரை தெளிவானது: முதல் இரவில் உடலுறவு வேண்டாம் என்று நீங்களே முடிவெடுத்து, அதை வாய்விட்டுச் சொல்லுங்கள். நாலாம் சடங்குவரை தவணை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இது தப்பித்தல் அல்ல. பாலியல் சிகிச்சையில் 1970 அளவில் அமெரிக்க ஆய்வாளர்கள் மாஸ்டர்ஸும் ஜோன்சனும் வகுத்த முறையின் அடிப்படையே இந்தத் தடைதான். உடலுறவு கிடையாது என்று தெரிந்துவிட்டால் விறைப்பு வந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கட்டாயம் இல்லாவிட்டால் காவல் காக்க ஒன்றும் இல்லை. அப்போதுதான் தொடுகை தொடுகையாக உணரப்படும்.

முதல் இரவு. தோய்ந்துவிட்டு வாருங்கள், அவளும் தலையில் குத்திய ஊசிகளையும் நகையையும் கழற்றித் தோயட்டும். அந்தத் தலைமுடியைப் பிரிக்க உதவுவதே நல்ல தொடக்கம். "நீர் நல்லாக் களைச்சுப் போனீர் போல. எனக்கும் இது முதல்முறைதான், கொஞ்சம் பயமாவும் கிடக்கு. இண்டைக்குச் சும்மா கதைச்சுக்கொண்டு படுப்பம்" என்று சொல்லலாம். இப்படிச் சொன்னால் ஆண்மை குறைந்ததாக எண்ணுவாளோ என்று அஞ்ச வேண்டாம். ஒன்றும் சொல்லாமல் பதறுவதைத்தான் பெண்கள் தங்களைப் பிடிக்கவில்லை என்று தவறாக எடுத்துக்கொள்வார்கள். கை, தோள், முதுகு, முகம் ஆகியவற்றை மட்டும் தொடுங்கள். நெஞ்சு படபடத்தால் நான்கு எண்ணும்வரை மூக்கால் இழுத்து, ஆறு எண்ணும்வரை மெதுவாக விடுங்கள். ஐந்து நிமிடம் அப்படிச் செய்தால் இதயத் துடிப்பு இறங்குவதை நீங்களே உணர்வீர்கள்.

இரண்டாம் இரவு. விளக்கு முழுதாக அணைய வேண்டாம், மங்கலாக இருக்கட்டும். பத்துப் பதினைந்து நிமிடம் நீங்கள் அவள் உடலைத் தொட்டுத் தடவுங்கள், பிறகு அவள் உங்களை. மார்பும் மறைவுறுப்புகளும் இன்று வேண்டாம். தொடுபவரின் வேலை தன் உள்ளங்கையில் என்ன உணர்கிறது என்பதைக் கவனிப்பது மட்டுமே: சூடு, மென்மை, புல்லரிப்பு. எது பிடிக்கிறது, எது கூசுகிறது என்று அவள் சொல்லட்டும். விறைப்பு வந்தால் வரட்டும், அதைக்கொண்டு ஒன்றும் செய்ய வேண்டாம்.

மூன்றாம் இரவு, இருவருக்கும் மனம் இருந்தால், மறைவுறுப்புகளையும் சேர்த்துத் தொடலாம். உடலுறவு இன்றும் இல்லை. இந்த இரவின் பயிற்சி ஒன்று மிக முக்கியமானது. அவள் கையால் விறைப்பு வந்ததும் தொடுவதை நிறுத்தச் சொல்லுங்கள். இரண்டு மூன்று நிமிடம் சும்மா அணைத்துக்கொண்டு கிடந்து, விறைப்பு இறங்குவதைப் பேசாமல் விடுங்கள். பிறகு மறுபடி தொடட்டும். இரண்டு மூன்று தடவை இப்படி இறங்கி ஏறுவதைக் கண்ட பின்னர், இறங்கினால் போச்சு என்ற பயம் தானாகவே அடங்கும். இயல்பான கூடலிலும் விறைப்பு கூடிக் குறைந்துகொண்டே இருக்கும், ஒரே சீராக நிற்பது படங்களில் மட்டுந்தான்.

அவள் எந்த இடத்திலும் வேண்டாம் என்று சொன்னால் அங்கேயே நிறுத்த வேண்டும். தாலி கட்டியது அவளுடைய சம்மதத்தை ஒரேயடியாக வாங்கித் தந்துவிடாது. இன்னொன்று, கலியாண நாளில் மாதவிடாய் வராமலிருக்கப் பல பொம்பிளைகள் தள்ளிப்போடும் குளிசை எடுத்திருப்பார்கள். அதை நிறுத்தி இரண்டு மூன்று நாளில் மாதவிடாய் வரும். சரியாக உங்கள் மூன்றாம் நான்காம் நாளில் அது வந்தால் இன்னும் ஒரு வாரம் கிடைத்தது என்று கொள்ளுங்கள்.

உள்ளே செல்லும் கட்டம்

பதற்றம் உச்சத்துக்குப் போகும் இடம் இது, பெரும்பாலும் வழி தெரியாததால். பழகாத ஆண் பொதுவாக மேலே, மூத்திரத் துவாரத்தின் பக்கமாக முட்டுவார். யோனியின் வாய் அவர் நினைப்பதைவிடக் கீழே, மலவாயிலுக்குக் கிட்டவாக இருக்கிறது. அவள் மல்லாந்து படுத்திருக்கும்போது பாதை நேராக மேல்நோக்கிப் போகாது, முதுகின் அடிப்பக்கம் நோக்கிச் சரிவாகப் போகும். எனவே அவள் இடுப்பின் கீழ் ஒரு தலையணை வையுங்கள், முழங்கால்களை மடித்து அகட்டட்டும். உறுப்பைப் பிடித்து வழிகாட்டும் வேலையை அவள் கையிடமே விடுங்கள், தன் வாய் எங்கே என்று அவளுக்குத்தான் தெரியும். அல்லது நீங்கள் மல்லாந்து படுக்க அவள் மேலே இருந்து, தன் வேகத்தில் தானே இறங்கட்டும். முதல்முறைக்கு நோவைக் கட்டுப்படுத்த இது இன்னும் நல்லது.

அதற்கு முன் அவள் உடல் தயாராக வேண்டும். பெண்ணுறுப்பு ஈரமாகி, உட்புறம் நீண்டு விரிய நேரம் எடுக்கும். பதினைந்து இருபது நிமிடமாவது தொடுகைக்குக் கொடுங்கள். யோனி வாயின் மேற்பக்கத்தில் இருக்கும் சிறு மொட்டுத்தான் அவளுக்கு உணர்ச்சி மிகுந்த இடம், அதை மென்மையாக, ஈரவிரலால். பதற்றத்தில் அவளுக்கும் ஈரம் குறையும், ஆகவே ஜெலியை இருவரின் உறுப்பிலும் தாராளமாகப் பூசுங்கள். முதலில் நுனி மட்டும் உள்ளே போய் அசையாமல் நிற்கட்டும். அவள் மூச்சை வெளியே விடும்போது சிறிது, மறுபடி நின்று மறுபடி சிறிது. கடுமையாக எரிந்தாலோ சுவரில் முட்டுவதுபோல இறுகினாலோ வெளியே எடுங்கள், அன்றைக்கு அவ்வளவுதான். தள்ளினால் அடுத்தமுறை அந்தத் தசை இன்னும் இறுகும்.

இரத்தம் வராவிட்டால் ஒன்றையும் எண்ண வேண்டாம். கன்னிச்சவ்வு ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒவ்வொரு வடிவில் இருக்கும். பலருக்கு முதல் உடலுறவில் ஒரு துளியும் வராது, அதைப் பார்த்து அவள் கடந்த காலத்தை எவராலும் அறிய முடியாது. முடிந்ததும் அவள் எழுந்து சிறுநீர் கழிப்பது நல்லது. புதுமணப் பெண்களுக்கு வரும் சிறுநீர் எரிவைக் குறைக்க அது உதவும்.

அந்த நிமிடத்தில் இறங்கிவிட்டால்

உறுப்பைக் கையால் அவசரமாகக் குலுக்கி எழுப்ப முயல வேண்டாம், பாதி விறைப்போடு உள்ளே திணிக்கவும் வேண்டாம். இரண்டும் காவல் காக்கும் மனத்தைத்தான் கூர்மையாக்கும். "கொஞ்சம் பொறுப்பம்" என்று சொல்லிப் பக்கத்தில் படுத்து அணையுங்கள். மூச்சை நீட்டி விடுங்கள். கவனத்தை அவள் தோலுக்குக் கொண்டுபோய், அவளுக்குப் பிடித்ததைக் கையால் தொடருங்கள். விறைப்பு இல்லாமலும் அவளை மகிழ்விக்க முடியும் என்பதை அப்போதே கண்டுகொள்வீர்கள். பத்து நிமிடத்தில் திரும்பி வந்தால் நல்லது, வராவிட்டால் உறங்குங்கள். விடியப்புறம் நாலு ஐந்து மணிக்கு உறங்கியெழும்பும்போது உடல் அமைதியாக இருக்கும், விறைப்பும் தானாக இருக்கும். அவளும் விழித்து விருப்பமாக இருந்தால் அதுவே மிகச் சிறந்த நேரம். இரவில்தான் நடக்க வேண்டும் என்று எங்கும் இல்லை.

எதிர்ப்பக்கச் சிக்கல் உள்ளே போகுமுன் விந்து வெளியேறிவிடுவது. முதல் சில தடவை அது மிகப் பொதுவானது, பழகப் பழக நீளும். துவாயால் துடைத்துவிட்டு அணைத்துக் கிடங்கள். சிலருக்கு அரை மணியில், சிலருக்குச் சில மணியில் மறுபடி விறைக்கும், இரண்டாம் முறை பெரும்பாலும் பிந்தும். ஆணுறை பாவிக்காதவர் ஒன்றைக் கவனிக்கவும்: யோனி வாயில் விந்து பட்டாலே கருத்தரிக்க வாய்ப்பு உண்டு.

ஓர் எடுத்துக்காட்டு

ரொறன்ரோவில் இருந்து மூன்று வார விடுமுறையில் வந்த 32 வயது மாப்பிள்ளை ஒருவரை எண்ணிக்கொள்ளுங்கள். கலியாணத்துக்கு மூன்று நாள் முன்னர்தான் கட்டுநாயக்காவில் இறங்கி, இரவோடு இரவாக வாகனத்தில் யாழ்ப்பாணம் வருகிறார். கோடைகாலத்தில் அங்கும் இங்கும் ஒன்பதரை மணித்தியால வித்தியாசம். இங்கே இரவு பதினொன்று என்றால் அவர் உடலுக்கு மதியம் ஒன்றரை. மூன்று நாளில் அது சரிவராது. முதலிரவு கொக்குவிலில் பொம்பிளை வீட்டில். விறைத்தது, ஆணுறை போடும்போது இறங்கியது. அடுத்த இரவு, "விடுமுறை முடியுமுன் சரிவர வேண்டும்" என்ற எண்ணத்தோடு மறுபடி முயன்றார், விறைக்கவேயில்லை. மூன்றாம் நாள் பகல் முழுக்க உறவினர் வீட்டு விருந்துகளில் சோறு இறங்கவில்லை.

இவருக்கு நாம் முதலில் கேட்கும் கேள்வி, விடியப்புறம் விறைப்பு இருந்ததா என்பது. இருந்தது, இரண்டு நாளும். ஆகவே உறுப்பில் குறை இல்லை. உறக்கக் குறைவும் நேர வித்தியாசமும் முதல் இரவைக் கெடுத்தன, முதல் இரவின் நினைவு இரண்டாவதைக் கெடுத்தது. அவர் செய்ய வேண்டியது இது: மனைவியிடம் திறந்து சொல்லி ஐந்து நாள் உடலுறவை முற்றாக நிறுத்துவது, இரவு விருந்துகளைக் குறைத்து உறங்குவது, மேலே சொன்ன மூன்று இரவுப் படிகளை முதலிலிருந்து நடப்பது. ஆணுறையை மனைவியின் கையால் போடுவித்து, உள்ளே போகாமலே கழற்றிவிடும் பயிற்சியை நான்காம் இரவில் சேர்க்கலாம். உறை வந்தால் சோதனை தொடங்கும் என்ற தொடர்பை அது உடைக்கும். ஆறாம் நாள் விடியப்புறம் முயன்று அதுவும் பாதியில் நின்றாலும், பாதிவரை போனது முன்னேற்றந்தான். மூன்று வாரத்துக்குள் முடியவில்லை என்றால் விசா வந்து அவள் அங்கே போன பின்னர் தொடரலாம். விடுமுறைத் திகதியை எல்லையாக வைத்ததுதான் அவருடைய மிகப் பெரிய தடை.

குளிசை பற்றி

சில்டெனாபில் என்ற குளிசையைப் பற்றி நண்பர் யாராவது கட்டாயம் சொல்லுவார். அது ஆசையைத் தராது. ஆசையும் தொடுகையும் இருக்கும்போது இரத்தம் நிறைவதை எளிதாக்கும், அவ்வளவே. எடுத்து அரை மணி முதல் ஒரு மணியில் வேலை தொடங்கும், கொழுப்பான சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்தால் பிந்தும். பதற்றச் சுற்று உடையாமல் நிற்கும்போது வைத்தியர் சில தடவைக்கு மட்டும் குறைந்த அளவில் எழுதித் தருவதுண்டு, அது பயனுள்ளதே. ஆனால் துண்டில்லாமல் வாங்கி எடுக்க வேண்டாம். நெஞ்சுநோவுக்கு நைத்திரேற் வகை மருந்து எடுப்பவருக்கு இது இரத்த அழுத்தத்தை உயிராபத்தான அளவுக்கு இறக்கிவிடும். எந்தக் காரணத்தாலும் விறைப்பு நாலு மணித்தியாலத்துக்கு மேல் இறங்காமல் நோவோடு நின்றால் உடனே ஆஸ்பத்திரி. இரகசிய லேகியம், மூலிகைக் குளிசை என்று விற்கப்படுபவற்றில் இதே மருந்து அளவு தெரியாமல் கலக்கப்பட்டிருப்பது பல நாடுகளில் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது, அவற்றைத் தொடவே வேண்டாம்.

எப்போது, யாரிடம்

இந்தப் படிகளை ஒழுங்காகச் செய்தும் ஆறு வாரம் முதல் மூன்று மாதத்துக்குள் மாற்றமில்லை என்றால் வைத்தியரைப் பாருங்கள். காலை விறைப்பு இல்லை, உறுப்பு விறைக்கும்போது வளைந்து நோகிறது, மனைவிக்கு ஒவ்வொரு முறையும் உள்ளே போகவே முடியாத இறுக்கம் என்றால் அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டாம். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் தொடங்கலாம், தேவைப்பட்டால் சிறுநீரக சத்திரசிகிச்சைப் பிரிவுக்கோ மனநலப் பிரிவுக்கோ அனுப்புவார்கள். மனநலப் பிரிவு என்றதும் பின்வாங்க வேண்டாம், பாலியல் பதற்றத்துக்கான பயிற்சியைச் சொல்லித் தரக்கூடியவர்கள் அங்கே இருப்பார்கள். உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் புதுமணத் தம்பதியாகப் பதிந்துகொண்டால் குடும்பத்திட்ட ஆலோசனையும் ஆணுறையும் கிடைக்கும், யாரிடம் போகலாம் என்றும் கேட்கலாம்.

வைத்தியர் முன்னால் சொல் வராமல் தடுமாறினால் இதை ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போங்கள்: கலியாணமாகி எத்தனை நாள், எத்தனை தடவை முயன்றோம், எந்தக் கட்டத்தில் இறங்குகிறது, விடியப்புறம் விறைப்பு உண்டா, தனியாக இருக்கும்போது உண்டா, என்னென்ன குளிசை எடுக்கிறேன், மது, சிகரெட் எவ்வளவு. அந்தத் துண்டை நீட்டினாலே போதும், மிச்சத்தை அவர் கேட்பார். முடிந்தால் மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள்.